வக்கீல் நோட்டீஸ் வந்தால்…

கோவையில் ஒருவர் கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் செலவழித்து, வேலை போனதால் கட்டாமல் விட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஆண்டு கழித்து 95,000 கேட்டு வக்கீல் நோட்டீஸ் வருகிறது. ‘ஏழு நாளில் கட்டாவிட்டால் நடவடிக்கை’ என்ற வரியைப் பார்த்ததும் வீடே கலங்கிப்போகும்.

அது நீதிமன்ற உத்தரவு அல்ல. வங்கியின் சார்பில் வக்கீல் எழுதிய கடிதம். கார்டு பாக்கி சிவில் கடன். கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் போலீஸ் கைது செய்யாது.

அதற்காகக் குப்பையில் போடவும் கூடாது. முதலில் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும், வக்கீல் எந்த வங்கிக்காக எழுதுகிறார் என்பதையும் வங்கியிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். பிறகு அசல், வட்டி, தாமதக் கட்டணம் எனப் பிரித்த கணக்கைக் கேட்டு, சுருக்கமான பதிலை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தலாம்.

இங்கே வார்த்தையில் கவனம் தேவை. வழக்குப் போட வங்கிக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் அவகாசம். அது முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த மூன்று ஆண்டும் புதிதாகத் தொடங்கும். ஆகவே பழைய பாக்கியென்றால், வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே பதில் எழுதுவது நல்லது.

சமரசத் தொகை பேசி முடித்தால், வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். நீதிமன்றச் சம்மன் வந்துவிட்டால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆஜராகாதவர் இல்லாமலே தீர்ப்பு வரும்.