4 கிராம் பாசி, 21 கிராம் விலங்கு

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கிடக்கும் ஆங்கிலக் கால்வாயில், பிளைமவுத் நகரை ஒட்டிய கடற்பரப்பின் உயிர்களையெல்லாம் எடை போட்டுப் பார்த்தார் ஹார்வி என்ற கடலியல் அறிஞர். 1950இல் அவர் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடநூல்களில் மேற்கோளாக வருகிறது. ஒரு சதுர மீட்டர் கடலுக்குக் கீழே, ஈரம் நீக்கிய எடையில், நுண்பாசிகள் சுமார் 4 கிராம். அந்தப் பாசியை நம்பிப் பிழைக்கும் விலங்குகளோ, நீரில் மிதப்பவையும் கடல்தரையில் வாழ்பவையுமாகச் சுமார் 21 கிராம்.

உண்பவரின் எடை உணவின் எடையைப் போல ஐந்து மடங்கு. புல்வெளி ஒன்றில் இப்படி நடந்தால் மாடுகள் சில நாளில் மண்ணை நக்க வேண்டியதுதான். கடலில் மட்டும் இது எப்படி ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது?

பள்ளிப் பாடத்தில் எல்லோரும் வரைந்த படம்தான் இங்கே இடறுகிறது. அகன்ற அடித்தளத்தில் தாவரங்கள், அவற்றுக்கு மேல் தாவர உண்ணிகள், அதற்கும் மேல் ஊன் உண்ணிகள், உச்சியில் புலியோ கழுகோ. பிரிட்டிஷ் விலங்கியலாளர் சார்லஸ் எல்டன் 1927இல் எழுதிய நூலில் இந்த எண்ணிக்கைப் பிரமிடை முன்வைத்தார். வடதுருவத்துக்கு அருகிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் அவர் முன்னரே களப்பணி செய்திருந்தார். சிறிய உயிர்கள் ஏராளமாக இருக்கின்றன, வேகமாகப் பெருகுகின்றன. அவற்றைத் தின்னும் பெரியவை குறைவாக இருக்கின்றன, மெதுவாகப் பெருகுகின்றன. எல்டன் கண்ட ஒழுங்கு இதுதான். ஆனால் தலைகளை எண்ணுவது ஒன்று, எடை போடுவது வேறு, அவை உண்டு செலவழிக்கும் ஆற்றலை அளப்பது முற்றிலும் வேறு. ஒரே காட்டை, ஒரே குளத்தை இந்த மூன்று விதமாகவும் அளந்தால் மூன்று வடிவங்கள் கிடைக்கலாம்.

எண்ணிக்கைப் பிரமிடு தலைகீழாவது எளிதில் விளங்கும். 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில், இந்தியாவில் முதன்முறையாகச் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் வெள்ளை மெழுகுச் சுருள்களுக்கு நடுவே குஞ்சுகள் அப்பிக்கிடக்கும். அவை சாற்றை உறிஞ்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவு கீழ் ஓலைகளில் சொட்டும். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து ஓலை கறுக்கும். மரம் ஒன்று, ஈக்கள் ஆயிரக்கணக்கில். எண்ணிப் படம் வரைந்தால் அடியில் ஒற்றைப் புள்ளி, மேலே அகன்ற பலகை. அதே மரத்தையும் ஈக்களையும் தராசில் ஏற்றினால் மரம் பல நூறு கிலோ. ஈக்கள் அத்தனையையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. பிரமிடு நிமிர்ந்துவிடும்.

இங்கே பாடநூல் படங்களைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. மரம், பூச்சி, ஒட்டுண்ணி என்று மேலே போகப் போக அகலமாகிக்கொண்டே போகும்படி அவற்றில் வரைந்திருப்பார்கள். எப்போதும் அப்படி ஆவதில்லை. இந்த வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி, ஈயின் ஒரு குஞ்சுக்குள் ஒரு முட்டை வைக்கிறது. அந்தக் குஞ்சிலிருந்து ஒரு குளவிதான் வெளிவரும். ஆகவே ஈக்கள் பெற்றெடுக்கும் குஞ்சுகளைவிட அவற்றிலிருந்து பிறக்கும் குளவிகள் கூடுதலாக இருக்க வழியில்லை. மரத்துக்கும் ஈக்கும் இடையே தலைகீழாக இருக்கும் வடிவம், ஈக்கும் குளவிக்கும் இடையே நிமிர்ந்தே இருக்கிறது. யார் யாரை எப்படி உண்கிறார் என்று பார்க்காமல் வடிவத்தை ஊகிக்கக் கூடாது.

எண்ணிக்கை தலைகீழானால், ஆள் பெரிது உணவு சிறிது என்ற அளவு வித்தியாசத்தைக் காட்டி விடைபெறலாம். எடையே தலைகீழாவதுதான் கடினமான புதிர்.

டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் பத்து வடைதான் இருக்கும். கடையிலோ இருபது பேர் நின்று தின்றுகொண்டிருப்பார்கள். வடை இருப்பை மட்டும் எண்ணுகிறவருக்கு இது நடக்காத காரியமாகத் தோன்றும். எண்ணெய்ச் சட்டி ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்கிறது என்பதைப் பார்த்தவருக்குத்தான் கணக்கு புரியும்.

கடலின் நுண்பாசியும் அப்படித்தான். ஒற்றைச் செல் உயிரி அது. தண்டு கிடையாது, வேர் கிடையாது, மரக்கட்டை கிடையாது. வெளிச்சமும் சத்தும் கிடைத்தால் ஓரிரு நாளில் இரட்டிக்கும், பிறந்த வேகத்தில் தின்னவும்படும். தராசு காட்டுவது அந்தக் கணத்தின் இருப்பை மட்டுமே. அது எத்தனை முறை தீர்ந்து எத்தனை முறை நிரம்பியது என்பதைத் தராசு சொல்லாது.

பிளைமவுத் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். அந்த 4 கிராம் பாசி வாரம் ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 52 வாரம். 4 கிராமை 52ஆல் பெருக்கினால் 208 கிராம் உற்பத்தி. விலங்குகளில் சிப்பிகளும் புழுக்களும் போலக் கடல்தரையில் நிதானமாக வளர்ந்து நெடுநாள் வாழ்பவையே எடையில் அதிகம். அந்த 21 கிராமும் ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது என்று கொண்டால், விலங்கு உற்பத்தி ஆண்டுக்கு 21 கிராம். அடியில் 208, மேலே 21. பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரமிடு நேராக நிமிர்ந்து நிற்கிறது. எடையில் தலைகீழாகத் தெரிந்த அதே கடல், அதே உயிர்கள்.

வாரம் ஒருமுறை என்ற ஊகம் கற்பனையில் பிறந்ததல்ல. உலகக் கடல்களிலுள்ள ஒளிச்சேர்க்கை உயிரிகளின் மொத்த எடை, அவற்றில் அடங்கிய கார்பனாகக் கணக்கிட்டால், சுமார் 100 கோடி டன். கடலில் அவற்றைச் சார்ந்து வாழும் பாக்டீரியா முதல் மீன் வரையிலான உயிர்கள் சுமார் 500 கோடி டன். 2018இல் வெளியான உலகளாவிய உயிர்த்திரள் கணக்கெடுப்பின் மதிப்பீடு இது. ஆனால் கடலின் ஒளிச்சேர்க்கை உயிரிகள் ஆண்டுதோறும் உருவாக்கும் கார்பன் சுமார் 5,000 கோடி டன். இருப்பைப் போல ஐம்பது மடங்கு! ஆண்டை ஐம்பதால் வகுத்தால் வருவது ஒரு வாரம். தரையில் கதையே வேறு. அங்கே தாவரங்களின் இருப்பு சுமார் 45,000 கோடி டன், ஆண்டு உற்பத்தியோ கடலை விடச் சற்றுத்தான் அதிகம். மரங்கள் தாங்கள் ஈட்டியதைக் கட்டையாக்கிப் பல ஆண்டுகள் சேர்த்து வைக்கின்றன. அந்தக் கட்டையைத் தின்னக்கூடிய விலங்குகளும் குறைவு.

கடலிலும் எடைப் பிரமிடு எந்நேரமும் தலைகீழாக இருப்பதில்லை. குளிர்நாட்டுக் கடல்களில் வசந்தத்தில் வெளிச்சம் கூடியதும் பாசி பொங்கிப் பெருகும். அதைத் தின்னும் மிதவை விலங்குகள் பெருகச் சில வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அளந்தால் பிரமிடு நேராகத் தெரியலாம். எப்போது அளந்தது என்று சொல்லாத எடைப் பிரமிடு பாதிச் செய்திதான்.

இந்தக் குழப்பத்துக்குத் தீர்வு தந்தவர் ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டா மாநிலத்தின் சீடார் பாக் ஏரியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, உயிர்களை ஆற்றல் ஓடும் படிநிலைகளாகப் பார்க்கச் சொன்னார். அவருடைய கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டது. 1942இல் அது அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை. 26 வயதில் காலமாகியிருந்தார்.

அவர் காட்டிய வழியில் ஹோவர்ட் ஓடம் புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றை அளந்து 1957இல் வெளியிட்ட கணக்கு, ஆற்றல் பிரமிடுக்குச் சிறந்த உதாரணம். அங்கே ஒரு சதுர மீட்டரில் தாவரங்கள் ஓராண்டில் பிடித்த ஆற்றல் 20,810 கிலோ கலோரி. தாவர உண்ணிகளிடம் போனது 3,368. அவற்றைத் தின்றவர்களிடம் 383. உச்சியில் 21. முதல் படியில் சுமார் 16 விழுக்காடு கைமாறியது, அடுத்ததில் 11, கடைசியில் ஐந்தரை. ‘பத்து விழுக்காடு விதி’ என்று மனப்பாடம் செய்வது தோராயமான சராசரியைத்தான். மீதி ஆற்றலில் பெரும்பகுதி மூச்சு விடவும் ஓடியாடவும் உடம்பைப் பேணவும் செலவாகி வெப்பமாகப் போய்விடுகிறது. எஞ்சியது தின்னப்படாமலும் செரிக்கப்படாமலும் சிதைப்போரிடம் போய்ச் சேர்கிறது. வெப்பமாகப் போனதை எந்த உயிரும் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால்தான் ஆற்றல் பிரமிடு தலைகீழாவதில்லை. மேலே உள்ளவர் கீழிருந்து வந்ததைவிட அதிகமாகச் செலவழிக்க வழியே இல்லை.

அப்படியானால், ஆற்றலிலும் தலைகீழாகத் தெரியும் இடம் ஒன்று அகப்பட்டால்? பிரெஞ்சு பொலினீசியாவின் ஃபகராவா பவளத்தீவில் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் தென்புறக் கடல்வாயில் 700 வரை சாம்பல் நிறச் சுறாக்கள் கூடி வாழ்கின்றன. அந்தக் குறுகிய வாயில் ஆண்டு முழுவதும் இருக்கும் மீன்களைக் கொண்டு அத்தனை சுறாக்களின் பசியைத் தீர்க்க முடியாது. 2016இல் வெளியான ஆய்வு விடையைச் சொன்னது. ஆண்டுதோறும் தென்கோளக் குளிர்காலத்தில் சுமார் 17,000 களவா மீன்கள் முட்டையிட அங்கே வந்து கூடுகின்றன. வேறு பருவங்களில் வேறு மீன்கள் முட்டையிட வருகின்றன. சுற்றுவட்டாரமெங்கும் மேய்ந்து கொழுத்த மீன், தானாகவே சுறாவின் வாசலுக்கு வந்து சேர்கிறது. கோடு போட்ட எல்லை சிறிதாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த மீன்கள் மேய்ந்த கடல் முழுவதையும் கணக்கில் சேர்த்தால் பிரமிடு நிமிரும்.

இன்னொரு வகைத் தலைகீழ் அளவையிலேயே பிறப்பது. பசிபிக்கின் கிங்மன் பவளத்திட்டில் மீன்களின் மொத்த எடையில் 85 விழுக்காடு உச்சி வேட்டை மீன்களே என்று 2008இல் ஓர் ஆய்வு அறிவித்தது. ஆனால் முக்குளிப்பவர் ஓரிடத்தில் எண்ணிக்கொண்டிருக்கும்போதே சுறாக்கள் நீந்தி வந்து எல்லைக்குள் நுழைகின்றன. ஓரிடத்திலேயே இருக்கும் சிறு மீன் ஒருமுறை எண்ணப்பட, நடமாடும் சுறாவின் கணக்கு ஏறிக்கொண்டே போகும். பக்கத்திலுள்ள பல்மைரா தீவில் சுறாக்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, மறுபடி பிடித்துக் கணக்கிட்டபோது, முன்பு நினைத்ததைவிட அவை மிகக் குறைவு என்று தெரிந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் பிரமிடு வரையும்போது பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். எண்ணிக்கைக்கு ‘ஒரு ஹெக்டேரில் இத்தனை’, எடைக்கு ‘ஒரு சதுர மீட்டரில் இத்தனை கிராம்’, ஆற்றலுக்கு ‘ஒரு சதுர மீட்டரில், ஓராண்டில் இத்தனை கிலோ கலோரி’. மூன்றில் கடைசி ஒன்றில் மட்டும்தான் ‘ஓராண்டில்’ என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல் ஏன் அங்கே மட்டும் வருகிறது என்று மாணவரிடம் கேளுங்கள்.