கொலுசில் இல்லாத ரோஸ் கல்

"அக்கா, இதுல ரோஸ் கல்லு வெச்சிருக்கா? எத்தனை கல்லு?"

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்து ஆன்லைனில் விற்கும் என் அண்ணிக்கு ஒரு நாள் இப்படி ஒரு மெசேஜ் வந்தது. அந்தக் கொலுசில் கல்லே கிடையாது. முழுக்க வெள்ளி வளையமும் மணியும்தான். அண்ணி குழம்பிப்போய் எனக்கு போன் செய்தார். விற்பனைப் பக்கத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே இருந்த சின்னச் சின்ன இடைவெளிகளில் சிவப்பு அப்பியிருந்தது. கடைத் தட்டின் சிவப்பு வெல்வெட்டில் வைத்துப் படம் எடுத்து, பின்னணி நீக்கும் செயலி ஒன்றில் போட்டிருக்கிறார். சுற்றியிருந்த துணியை மட்டும் நீக்கிவிட்டு, இடைவெளிக்குள் தெரிந்த துணியைக் கொலுசு என்றே அது எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளர் கண்ணுக்கு அதுதான் ரோஸ் கல்.

செயலி ஏன் ஏமாறுகிறது? 2020-ல் வெளியான, இந்த வேலைக்கு இன்றும் பலர் இலவசமாகப் பயன்படுத்தும் U2-Net என்ற மாதிரியை எடுத்துக்கொள்வோம். நாம் கொடுக்கும் படத்தை அது அதே அளவில் பார்ப்பதில்லை. முதலில் 320-க்கு 320 பிக்சல் சதுரமாகச் சுருக்கிக்கொள்கிறது. போனில் எடுத்த படம் 4000 பிக்சல் நீளம் என்றால், நம் படத்தின் 12 பிக்சலுக்கு அதனிடம் ஒரே ஒரு பிக்சல்தான். கொலுசு வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 8 பிக்சல் அகலம் இருந்தால், சுருக்கும்போதே அது கரைந்துவிடும். அந்தச் சின்னப் படத்தில் பொருள் எது, பின்னணி எது என்று பிரித்துவிட்டு, பிரித்த எல்லையைத் திரும்பப் பழைய அளவுக்கு இழுத்துப் பொருத்துகிறார்கள். இழுத்த எல்லை மழுங்கித்தான் இருக்கும். எல்லாச் செயலியும் இதே அளவுக்குச் சுருக்குவதில்லை. ஆனால் மெல்லிய கம்பி, கூடையின் பின்னல், சேலைக் குஞ்சம், கைப்பிடியின் உள்வட்டம் என்று வந்தால் எந்தச் செயலியையும் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது.

இடைவெளிச் சிவப்பைக் கையால் அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அழித்தேன். அப்போதுதான் இரண்டாவது தொல்லை தெரிந்தது: கொலுசின் வெளி விளிம்பு முழுக்க மயிரிழை தடிமனில் ஒரு ரோஸ் கோடு.

எல்லையில் இருக்கும் பிக்சல் பாதி வெள்ளி, பாதி துணி. கேமரா இரண்டையும் கலந்து ஒரே நிறமாகப் பதிந்துவிடும். வெள்ளியின் நிறம் 200, 200, 200 என்றும், வெல்வெட்டின் நிறம் 150, 20, 30 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சரிபாதிக் கலவை 175, 110, 115. செயலி இந்தப் பிக்சலைப் 'பாதி ஒளிபுகும்' என்று சரியாகவே குறித்துவைக்கிறது. ஆனால் அதன் நிறத்தை மாற்றுவதில்லை. அதைத் தூய வெள்ளையின் மேல் வைத்தால் 215, 183, 185 என்று வரும். அதாவது மங்கலான ரோஸ். துணியின் நிறம் ஒட்டாமல் இருந்திருந்தால் மூன்றுமே 228 ஆக, வெறும் சாம்பலாக இருந்திருக்கும். எல்லையைச் சரியாகக் கண்டுபிடித்தாலும் நிறம் தப்பாகிவிடுவது இப்படித்தான்.

இதற்கு மருந்து உண்டு. போட்டோஷாப்பில் Select and Mask பகுதியில் இருக்கும் Decontaminate Colors, விளிம்பில் ஒட்டிய நிறத்தைப் பொருளின் உள்நிறத்தால் மாற்றிவிடும். எல்லையை ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டினாலும் கோடு பெருமளவு மறையும். சட்டிக்கும் செருப்புக்கும் அது போதும். கொலுசின் கம்பியே ஐந்தாறு பிக்சல்தான் என்றால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் போனால் கம்பி இளைத்துவிடும். கனமான கொலுசு மெல்லிய கொலுசாகத் தெரிவது வாங்குபவரிடம் சொல்லும் பொய். நான் அதைச் செய்யவில்லை.

மூன்றாவது தொல்லைக்கு மருந்தே இல்லை. வெள்ளி கண்ணாடி மாதிரி. மணிகளின் அடிப்பாகத்தில் வெல்வெட் அப்படியே பிரதிபலித்துச் செம்பு போலத் தெரிந்தது. அது பின்னணி அல்ல, பொருளின் மேலேயே விழுந்த நிறம். எவ்வளவு நன்றாக வெட்டினாலும் அது கூடவே வரும்.

ஆகவே மறுபடி படம் எடுத்தோம். நான்கு செங்கல் அடுக்கி அதன் மேல் பால் வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்று, கீழே எல்.இ.டி. பேனல் விளக்கு. தகட்டின் மேல் கொலுசு, அதற்கு மேலே பட்டர் பேப்பரால் மூடிய இன்னொரு விளக்கு. இரண்டு விளக்கும் ஒரே வெண்மை நிறம் கொண்டவை; ஒன்று மஞ்சளாக இருந்தால் வெள்ளியிலும் மஞ்சள் ஏறிவிடும். தகட்டின் ஓரங்களில், படத்தில் விழாத தூரத்தில், கறுப்புச் சார்ட் அட்டைகளை நிறுத்தினோம். அந்தக் கறுப்பு வெள்ளியின் ஓரத்தில் பிரதிபலித்து, மெல்லிய கருங்கோடாக எல்லையைத் தானே வரைந்து கொடுத்தது. வளைய இடைவெளிகளின் வழியே கீழ்விளக்கு மேலே வந்ததால் அவை கேமராவிலேயே வெள்ளையாகிவிட்டன.

முதல் முறை கீழ்விளக்கைக் கூட்டிவைத்துவிட்டோம். வெளிச்சம் கம்பியைச் சுற்றி வழிந்து ஓரங்களைத் தின்றுவிட்டது. பின்னணி 245-லிருந்து 250-க்குள் வருமளவு குறைத்ததும் சரியானது. மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் Levels மூலம் 255-க்கு ஏற்றினோம். அமேசான் முதன்மைப் படத்துக்குக் கேட்பது 255, 255, 255 என்ற தூய வெள்ளை. பொருள் படத்தில் 85 சதவீத இடத்தை அடைக்கவும் வேண்டும். இரண்டும் கிடைத்தன. பின்னணி நீக்கும் பொத்தானை அழுத்தவே இல்லை. விளிம்பில் வெள்ளை கலந்திருந்தாலும் பக்கமும் வெள்ளைதான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இதே படத்தைக் கருநீல போஸ்டரில் வைத்தால் வெள்ளைக் கோடு தெரியும். அந்த வேலைக்கு இந்தப் படம் ஆகாது.

செயலியைத்தான் நம்ப வேண்டிய நிலை என்றால், வெட்டிய படத்தை வெள்ளையின் மேல் வைத்துச் சோதிக்காதீர்கள். வெள்ளை குறையை மறைக்கும். அடியில் பளிச்சென்ற பச்சை லேயர் ஒன்று போட்டுப் பாருங்கள். அடைபட்ட இடைவெளியும் காணாமல் போன கொக்கியும் உடனே பிடிபடும். பிறகு பச்சையைக் கறுப்பாக மாற்றி 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி விளிம்பைச் சுற்றி வாருங்கள். rembg என்ற இலவச நிரலைப் பயன்படுத்துபவர்கள் வெட்டும் எல்லையை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கலாம்:

```
rembg i -om kolusu.jpg ellai.png
```

வரும் படத்தில் வெள்ளையாக இருப்பது பொருள், கறுப்பாக இருப்பது நீக்கப்படுவது. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று எண்ணினால் போதும். அண்ணியின் பழைய படத்தை இதில் போட்டபோது கொலுசு முழுவதும் ஒரே வெள்ளைப் பட்டையாக வந்தது. ஒரு புள்ளி கூட இல்லை.

புதுப் படம் ஏற்றிய பிறகு ரோஸ் கல் பற்றி யாரும் கேட்கவில்லை. வெள்ளியோ பித்தளையோ விற்பவராக இருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த படம் எடுப்பதற்கு முன் அந்தச் சிவப்பு வெல்வெட் தட்டை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.