ஆட்டம் நின்ற நாற்காலி

பட்டறைக்கு வந்தபோது அந்தத் தேக்கு நாற்காலி ஆடியது, முதுகுப்பலகை கறுத்திருந்தது. மூட்டில் யாரோ ஆணி அடித்திருந்தார்கள். ஆணி ஆட்டத்தை நிறுத்தாது, கழுந்தைத்தான் பிளக்கும். ஆணியைப் பிடுங்கி, மூட்டில் வெந்நீர்த் துணியைச் சுற்றினேன். பழைய வஜ்ஜிரம் சூட்டில் இளகி, மூட்டு கழன்று வந்தது. தேய்ந்த கழுந்தில் மெல்லிய தேக்குச் சீவலை ஒட்டிச் சரிசெய்து, புது வஜ்ஜிரம் பூசி, ஒருநாள் முழுக்க இறுக்கிக் கட்டி வைத்தேன்.

கறுப்பு மரத்தில் இல்லை, மேல்பூச்சில்தான். ஸ்பிரிட் தோய்ந்த துணியால் மறைவான ஓரத்தைத் தேய்த்தேன். பிசுபிசுத்துக் கரைந்தது, அப்படியென்றால் அரக்குப் பாலிஷ். உப்புத்தாள் போட்டிருந்தால் மரத்தின் முதிர்ந்த நிறமும் போயிருக்கும். அதனால் ஸ்பிரிட்டாலேயே அழுக்கை எடுத்து, புது அரக்கை மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன்.

இப்போது நான்கு கால்களும் தரையில் பதிகின்றன. கைப்பிடியின் வழவழப்பு அதில் அமர்ந்தவர்களின் கைகள் தந்தது. மூட்டின் உறுதி மட்டுமே என் வேலை.