ஆபரேட்டர் சொன்னதும் நிருபருக்குத் தோன்றியதும்

பத்திரிகை அலுவலகத்தில் என் மேஜைக்கு வந்த ஒரு பத்தி இது. பழைய சினிமா தியேட்டர் ஆபரேட்டர் ஒருவரைப் பற்றி இளம் நிருபர் ஒருவர் எழுதியது:

“அறுபதை நெருங்கும் அவர், 1980இல், பதினாறு வயதில் தியேட்டரில் சேர்ந்தார். வறுமைதான் அவரைக் கேபினுக்குள் தள்ளியது. கார்பன் சுட்ட தழும்பு இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது. டிஜிட்டல் வந்தபோது மனம் உடைந்துபோனதாகச் சொல்கிறார். இன்று தியேட்டர் பக்கம் போவதையே வெறுக்கும் அவர், பழைய நினைவுகளோடு தனிமையில் வாழ்கிறார்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அச்சுக்கு அனுப்பியிருந்தால் எவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், அந்த ஆபரேட்டரைத் தவிர. பத்தியோடு ஒலிப்பதிவையும் அனுப்பச் சொல்வது என் வழக்கம். ஒன்றேகால் மணி நேரப் பதிவு. அதைக் கேட்டுக்கொண்டே இந்த ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

முதல் வரி. பதிவில் அவர் குரல் இப்படி வருகிறது: “எண்பதுல சேர்ந்தேன் தம்பி. அப்புறம் சகலகலா வல்லவன் ரிலீஸ், கூட்டம்னா கூட்டம், அன்னைக்குத்தான் என்னை மேல ஏத்துனாங்க. பதினாறு வயசு.” சகலகலா வல்லவன் வெளியானது 1982இல். பேட்டி எடுத்தது 2025இல். அப்போது தன் வயது ஐம்பத்தொன்பது என்று வேறோர் இடத்தில் சொல்கிறார். கணக்குப் போட்டால் 1982இல் பதினாறு சரியாக வருகிறது. 1980 மட்டும் இடிக்கிறது.

இந்த இடத்தில் அவசரக்காரர் 1980ஐ அடித்துவிட்டு 1982 என்று திருத்திவிடுவார். அதுவும் தப்புதான். படத்தின் வருடம் நாம் சரிபார்த்தது. அவர் சேர்ந்த வருடம் அவர் சொன்னது. இரண்டும் மோதினால் அவரிடமே திரும்பப் போக வேண்டும். நிருபர் போனில் கேட்டார். விஷயம் ஒரே நிமிடத்தில் தெளிந்தது: 1980இல் இடைவேளையில் முறுக்கும் சோடாவும் விற்கும் பையனாகத்தான் உள்ளே வந்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்துத்தான் கேபினுக்கு ஏறியிருக்கிறார். “சேர்ந்தேன்”, “மேல ஏத்துனாங்க” என்று அவர் இரண்டு சம்பவங்களைச் சொல்ல, நிருபர் இரண்டையும் ஒன்றாக மடித்துவிட்டார். பதிவைக் காதால் கேட்டு நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான் மடியும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நாலு மணி நேரமாவது பிடிக்கும். அலுப்பான வேலைதான். ஆனாலும் குறைந்தபட்சம் பத்தியில் பயன்படப்போகும் பகுதிகளையாவது சொல்லுக்குச் சொல் இறக்கி, பக்கத்தில் எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வரி, “வறுமைதான் தள்ளியது”. பதிவில் ‘வறுமை’ என்ற சொல்லே இல்லை. “அப்பாவுக்கு மில்லுல வேலை போயிடுச்சு. எனக்கும் படிப்பு ஏறல. ஓசில படம் பார்க்கலாம்ல!” என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். மூன்று காரணங்கள். அவற்றில் முதலாவதை மட்டும் எடுத்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, மற்ற இரண்டையும் நிருபர் கைவிட்டுவிட்டார். சினிமாப் பைத்தியத்தில் உள்ளே நுழைந்த ஒரு பையன், பத்தியில் பரிதாபத்துக்குரியவனாக மாறிவிட்டான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாமல் ஓர் ஆளையே மாற்றிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

மூன்றாவது, தழும்பு. பழைய புரொஜெக்டர்களில் விளக்குக்குப் பதில் இரண்டு கார்பன் குச்சிகள் இருக்கும். அவற்றின் நுனிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும் வெளிச்சம்தான் திரையில் படமாக விழும். குச்சி எரிந்து தேயத் தேய நகர்த்திக் கொடுக்க வேண்டும், தேய்ந்து தீர்ந்தால் மாற்ற வேண்டும். கை சுட்டுக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் படித்துவிட்டுப் போன நிருபர், கட்டைவிரலில் தழும்பைப் பார்த்ததும் இரண்டையும் இணைத்துவிட்டார். தழும்பு இருந்தது அவர் கண்ணால் பார்த்தது. கார்பன் சுட்டது என்பது அவராக ஊகித்தது. பதிவில் தழும்பு பற்றி ஒரு பேச்சும் இல்லை. அதே போன் பேச்சில் கேட்டபோது பதில் வந்தது: “அது போன வருஷம் குக்கர் பட்டது தம்பி.”

தெரிந்தவர் செய்யும் தவறு இது. ஒன்றும் படிக்காமல் போயிருந்தால் இந்த வரியே பிறந்திருக்காது. தயாரிப்போடு போவது நல்லதுதான்; ஆனால் படித்துக்கொண்டு போனதற்குச் சான்று தேடவும் கண் பழகிவிடுகிறது.

நான்காவது வரிதான் எனக்குப் பெரிய உறுத்தல். “மனம் உடைந்துபோனதாகச் சொல்கிறார்” என்று அவர் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பதிவின் நாற்பத்தோராவது நிமிடம் இப்படிப் போகிறது:

“டிஜிட்டல் வந்தப்போ மனசே உடைஞ்சுபோயிருக்குமே, அண்ணே?”

“ம்... ஆமா. ஆனா ஒண்ணு, பெட்டி தூக்குற வேலை மிச்சம். கார்பன் காலத்துல அந்தப் புகைய எவ்வளவு இழுத்திருப்போம்!”

மனம் உடைந்தது என்ற சொல் நிருபருடையது. அவர் சொன்னது “ம்... ஆமா”. வீட்டுக்கு வந்தவர் அப்படிக் கேட்கும்போது மரியாதைக்காகவாவது ஆமா போடுவது நம் ஊர் வழக்கம். அவராகச் சொன்னது அந்த “ஆனா”வுக்குப் பிறகு வந்ததுதான். பதிவிலிருந்து எந்த மேற்கோளை எடுத்தாலும் அந்தச் சொல் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று பின்னால் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும். கேள்வியில் பிறந்த சொல்லைப் பதில் சொன்னவர் கணக்கில் எழுதக் கூடாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் கேள்வியையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஐந்தாவது வரியில் வெறுப்பு, தனிமை என்று இரண்டு தீர்ப்புகள். பதிவில் இருப்பது, “இப்ப தியேட்டருக்குப் போறதில்ல” என்ற ஒரே வாக்கியமும் அதற்குப் பின்னால் பதினோரு விநாடி மௌனமும். காரணம் அவர் சொல்லவில்லை, நிருபரும் கேட்கவில்லை. மௌனத்துக்கு உரை எழுதுவது எளிது. டிக்கெட் விலை காரணமாக இருக்கலாம், முழங்கால் வலி காரணமாக இருக்கலாம், மனவருத்தமும் இருக்கலாம். பதிவுக்கருவி ஓசையைத்தான் பிடிக்கும். அந்தப் பதினோரு விநாடியில் அவர் முகம் எப்படி இருந்தது என்பது நிருபரின் குறிப்பேட்டில் இருந்தால் உண்டு. இல்லை. தனிமை என்பதற்கோ ஆதாரமே கிடையாது. பேட்டியின் பின்னணியில் பேரக்குழந்தை கார்ட்டூன் பார்க்கும் சத்தம்தான் நெடுக ஓடுகிறது.

அதனால்தான், எழுத்தில் இறக்கிய பேட்டியின் ஓரத்தில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எழுத்துப் போடச் சொல்கிறேன். அவர் வாயால் வந்ததற்கு ‘சொ’. நம் கண்ணால் கண்டதற்கு ‘பா’. நம் மனதில் பட்டதற்கு ‘தோ’. வெளியே சரிபார்த்துவிட்டால் பக்கத்தில் ஒரு டிக். கண்டதும் பட்டதும் பதிவில் இருக்காது என்பதால் அன்று இரவே குறிப்பேட்டில் ஏறிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் கண்டதும் பட்டதும் ஒட்டிக்கொண்டுவிடும், பிரிக்கவே முடியாது. நம் நிருபரின் பத்தியில் இந்த எழுத்துகளைப் போட்டுப் பார்த்தோம். ‘சொ’ வரவேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் ‘தோ’ உட்கார்ந்திருந்தது.

வினைச்சொற்களிலும் கருத்து ஒளிந்துகொள்ளும். ‘சொன்னார்’ என்றால் சொன்னார், அவ்வளவுதான். ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினால் அதற்கு முன் எதையோ மறைத்தார் என்று ஆகிறது. ‘புலம்பினார்’, ‘மழுப்பினார்’ எல்லாமே நிருபரின் மதிப்பீடுகள். அலுப்பாக இருக்கிறது என்பதற்காக ‘சொன்னார்’ என்பதை மாற்றிக்கொண்டே போகிறவர்கள், தங்களை அறியாமலே தீர்ப்பு எழுதிக்கொண்டு போகிறார்கள்.

மேற்கோளுக்குள் எவ்வளவு கை வைக்கலாம் என்பது நீதிமன்றம் வரை போன கேள்வி. அமெரிக்காவின் நியூயார்க்கர் இதழில் 1983இல் ஜேனட் மால்கம் எழுதிய ஒரு கட்டுரையில், தன் பெயரில் மேற்கோள் குறிக்குள் வந்த சில வாக்கியங்களைத் தான் சொல்லவே இல்லை என்று உளப்பகுப்பாய்வாளர் ஜெஃப்ரி மேஸன் வழக்குப் போட்டார். நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஒலிநாடா இருந்தும் அந்த வாக்கியங்கள் அதில் இல்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: பேச்சை எழுத்தாக்கும்போது சொற்கள் மாறுவதாலேயே அது பொய்யாகிவிடாது; பொருள் கணிசமாக மாறியதா என்பதே கேள்வி. கடைசியில், 1994இல், ஜூரி மால்கம் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. “பெட்டி தூக்குற வேலை மிச்சம்” என்பதை ‘திரைப்படச் சுருள் பெட்டிகளைச் சுமக்கும் உழைப்பு குறைந்தது’ என்று மேற்கோள் குறிக்குள் போட்டால் பொருள் மாறவில்லை, ஆனால் பேசியவர் காணாமல் போய்விட்டார். என் வழக்கம் இது: குறிக்குள் போனால் அவர் பேச்சே போக வேண்டும், ‘ம்’, ‘அது வந்து’ மாதிரியானவற்றை மட்டும் எடுத்துவிடலாம். எழுத்துத் தமிழ் வேண்டுமென்றால் குறியை எடுத்துவிட்டு ‘என்கிறார்’ என்று முடித்துக்கொள்ளலாம்.

இப்படிச் சொன்னால் நிருபர்கள் உடனே கேட்பது, ‘அப்போ எனக்குத் தோன்றுவதை எழுதவே கூடாதா?’ எழுதலாம், எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது பயோடேட்டா. இரண்டு நிபந்தனைகள்தான்: தோன்றியது தன்னுடையது என்று சொல்லிவிட வேண்டும்; எதைப் பார்த்துத் தோன்றியது என்பதை வாசகர் முன்னால் வைக்க வேண்டும். நம் நிருபரின் குறிப்பேட்டில் அப்படி ஒரு பொன்னான வரி, பத்தியில் சேராமலே கிடந்தது. ஒரு ரீல் முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் வலது மேல் மூலையில் சின்னப் புள்ளி ஒன்று மின்னி மறையும். அதைக் கண்டதும் இரண்டாவது புரொஜெக்டரை ஓடவிட வேண்டும். சில விநாடிகளில் அடுத்த புள்ளி வந்ததும் படத்தை அதற்கு மாற்ற வேண்டும். இதை விளக்கும்போது அந்த மனிதர் நிருபரைப் பார்க்காமல், சுவரின் வலது மேல் மூலையையே பார்த்துப் பேசினாராம்.

திருத்தி எழுதிய பத்தி இப்படி வந்தது:

“1980இல் இடைவேளையில் முறுக்கு விற்கும் பையனாகத் தியேட்டருக்குள் வந்ததாகச் சொல்கிறார். ‘சகலகலா வல்லவன்’ வெளியான 1982இல், பதினாறு வயதில், கேபினுக்கு ஏற்றினார்களாம். அப்பாவுக்கு மில் வேலை போனது, படிப்பு ஏறாதது, ஓசியில் படம் பார்க்கும் ஆசை என்று மூன்று காரணங்களைச் சொல்லிச் சிரிக்கிறார். டிஜிட்டல் வந்தபோது மனம் உடைந்ததா என்று கேட்டேன். ஆமா என்றவர், ‘ஆனா ஒண்ணு, பெட்டி தூக்குற வேலை மிச்சம்’ என்றார். இப்போது தியேட்டருக்குப் போவதில்லை என்கிறார், காரணம் சொல்லவில்லை. ரீல் மாற்றும் புள்ளியைப் பற்றிப் பேசும்போது மட்டும் சுவரின் வலது மேல் மூலையை விட்டுக் கண் எடுக்கவில்லை. இன்னும் அதற்காகக் காத்திருப்பவர்போல எனக்குப் பட்டது.”

அச்சுக்குப் போகும் முன் இன்னொரு போன் உண்டு. அதில் வருடம், வயது, சம்பவம், மேற்கோள் ஆகியவற்றைப் படித்துக் காட்டுவோம், தப்பிருந்தால் திருத்துவோம். ‘எனக்குப் பட்டது’ என்று முடியும் வரியைப் படித்துக் காட்டுவதில்லை. அதற்கு அவர் ஒப்புதல் தர வேண்டியதில்லை, பொறுப்பும் அவருடையதில்லை.