மனை விற்பவரின் பயோவும் மேலே குத்தி வைத்த மூன்று பதிவுகளும்

திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வரையில் நெடுஞ்சாலையின் இருமருங்கும் வயல்கள் மனைகளாக மாறிவரும் இக்காலத்தில், நிலத்தை நேரில் பார்ப்பதற்கு முன்பே இன்ஸ்டாகிராமில் ஒரு முகவரின் பக்கத்தைப் பார்த்து மயங்கி, முன்பணத்தையும் அனுப்பிவிட்டு, பிறகு பத்திரங்களைத் தேடி அலையும் ஜனங்களை நான் ஓயாமல் கண்டுவருகிறேன். அவர்கள் பார்த்த பக்கங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பயோவில் “டி.டி.சி.பி., ரெரா அங்கீகாரம்” என்ற வாசகம் இருக்கும், அதற்குக் கீழே பின் செய்யப்பட்ட பதிவுகளிலோ அலங்கார வளைவும், தங்கக் காசுக் குலுக்கலும், வானிலிருந்து எடுத்த படமும் இருக்கும். மேலே சொன்னதைக் கீழே உள்ள எதுவுமே நிரூபிப்பதில்லை.

இது வெறும் ரசனைக் குறைவு என்று முகவர்கள் எண்ணுவார்களானால் அது பெரும் பிழை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், எந்த ஊடகத்தின் வழியாக, எந்த ரூபத்தில் வெளியிட்டாலும் அதை விளம்பரம் என்றே கொள்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. பதிவு செய்த பிறகும், ஆணையத்தின் இணையதள முகவரியை விளம்பரத்தில் தெளிவாகக் காட்டியாக வேண்டும். பின் செய்த ரீலும் விளம்பரந்தான்.

உதாரணமாக, விக்கிரவாண்டிக்கு அருகே ஒரு மனைப்பிரிவை விற்கும் முகவரை எடுத்துக்கொள்வோம். “நம்பிக்கையின் மறுபெயர், குறைந்த விலை, உடனடிப் பதிவு, விரைவில் விலை உயரும்” என்று அவர் பயோவை நிரப்பிவிட்டு, 2024 அக்டோபர் 27 அன்று வி.சாலையில் கூடிய த.வெ.க. மாநாட்டின் ஜனத்திரளைக் காட்டும் ரீலை, பார்வைகள் மிகுந்தன என்ற ஒரே காரணத்துக்காக மேலே குத்தி வைத்திருக்கிறார். பார்வைகளுக்கும் மனைக்கும் என்ன சம்பந்தம்? இன்ஸ்டாகிராம் பயோவுக்குத் தருவது 150 எழுத்துகள். பின் செய்ய அனுமதிப்பது மூன்று பதிவுகள். இவ்வளவு சிறிய இடத்தில் விதி ஒன்றுதான்: பயோவில் ஒரு கூற்று, கீழே அதற்கு ஒரு பிரமாணம். கீழே காட்ட முடியாததை மேலே எழுதக் கூடாது.

ஆகவே அவருடைய பயோவில் இருக்க வேண்டியவை ஊர்ப்பெயர், TN/Agent என்று தொடங்கும் அவருடைய முகவர் பதிவு எண், rera.tn.gov.in என்ற முகவரி ஆகியவையே. முதல் பின்னில் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தை, கிராமமும் சர்வே எண்களும் திட்டப் பதிவு எண்ணும் வாசிக்கும்படி வைக்க வேண்டும். இரண்டாவதில், நெடுஞ்சாலையிலிருந்து மனை வரை வெட்டில்லாமல் நடந்து எடுத்த காணொளி, எடுத்த தேதியோடு இருக்கலாம். “சாலையோரம்” என்ற சொல்லின் யோக்கியதை அதில் தெரிந்துவிடும். மூன்றாவதில் எஞ்சியுள்ள மனைகளின் எண்களை எழுதி, விற்க விற்கப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கச் சோம்பல் என்றால் அதைப் பின் செய்யவே வேண்டாம்.

இங்கே ஒரு வஞ்சகத்தை விசேஷமாகச் சொல்ல வேண்டும். விற்று முடிந்த பழைய மனைப்பிரிவின் பதிவு எண் பின்னில் அப்படியே நிற்க, பயோவில் மட்டும் “இரண்டாம் கட்டம்” என்ற சொல் வந்து சேர்ந்திருக்கும். எண் உண்மையானது; நிலம் வேறு! பின் செய்த பதிவு எவ்வளவு பழையதாயினும் உச்சியிலேயே நிற்பதால், திறந்து தேதியைப் பார்க்காதவர்கள் அதைப் புதியதென்றே நம்பிவிடுகிறார்கள். அந்த எண்ணை ஆணையத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள கிராமமும் சர்வே எண்ணும் உங்களுக்குக் காட்டப்படும் நிலத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். எண் இருப்பது போதாது. சர்வே எண் பொருந்த வேண்டும். அதன் பிறகு tnreginet.gov.in தளத்தில் வில்லங்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் தந்து நஷ்டமடைந்தவருக்கு, சட்டத்தின் 12ஆம் பிரிவு மனைப்பிரிவை உருவாக்கிய நிறுவனத்திடமிருந்து நஷ்டஈடு பெறும் உரிமையைத் தருகிறது. விலக விரும்பினால் செலுத்திய தொகை முழுவதையும் வட்டியோடு கேட்கலாம். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல், விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கவும் கூடாது. ஆணையத்துக்கான புகார் ‘எம்’ படிவத்தில். நஷ்டஈட்டுக்கான மனு தீர்ப்பளிக்கும் அலுவலருக்கு ‘என்’ படிவத்தில். இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதங்களை இழக்காதீர்கள்.

புகாருக்கு ஆதாரம் அந்தப் பக்கந்தான். அதை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். ஆதலால் பணம் அனுப்புவதற்கு முன்பே, கணக்கின் பெயரும் பயோவும் மூன்று பின்களும் ஒரே திரையில் தெரியும்படி படமெடுத்து, ஒவ்வொரு பதிவையும் திறந்து தேதியோடு மறுபடி எடுத்து, அதன் இணைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய சட்டம், 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்கிறது. அதில் படமெடுத்த கருவியின் விவரமும் வரும். எனவே வழக்கு முடியும் வரை அந்தக் கைப்பேசியை விற்றுவிட வேண்டாம்.