சதவீதமும் சதவீதப் புள்ளியும்

தரகு கமிஷன் நூற்றுக்கு 2 ரூபாயிலிருந்து 3 ரூபாயாக உயர்ந்தால், “ஒரு சதவீதம்தானே கூடியிருக்கிறது” என்பார்கள். ஒரு லட்ச ரூபாய் சரக்குக்கு 2,000 கொடுத்த நாம் 3,000 கொடுக்கிறோம். கமிஷன் தொகை 50 சதவீதம் கூடிவிட்டது. கூடியது ஒரு ‘சதவீதப் புள்ளி’ என்று சொல்வதே சரி. இரண்டு சதவீதங்களைக் கழித்தால் வருவது புள்ளி. அந்த வித்தியாசத்தைப் பழைய சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது சதவீத மாற்றம்.

ஆய்வு முடிவுகளைச் செய்தியாக்கும்போது இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. நம் தொழிலைத் தொட்ட ஓர் உதாரணத்தையே பார்ப்போம். மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமப்புறத்தில் ஒருவரின் மாதச் செலவில் உணவின் பங்கு 2011-12இல் 52.9 சதவீதம். 2022-23இல் அது 46.4 சதவீதம். குறைந்தது 6.5 சதவீதப் புள்ளி. பழைய பங்கோடு ஒப்பிட்டால் அது சுமார் 12 சதவீதக் குறைவு.

இதற்கு “உணவுச் செலவு 6.5 சதவீதம் சரிவு” என்று தலைப்பு போட்டால் அதில் இரண்டு பிழைகள் இருக்கும். ஒன்று, புள்ளியைச் சதவீதம் என்பது. மற்றொன்று, இன்னும் பெரியது: பங்கு குறைந்ததைச் செலவே குறைந்ததாகச் சொல்வது. அதே ஆய்வில் ஒருவரின் சராசரி மாதச் செலவு ரூ.1,430லிருந்து ரூ.3,773 ஆகியிருக்கிறது. ஆகவே உணவுக்குச் செலவிட்ட தொகை சுமார் ரூ.756லிருந்து ரூ.1,750 ஆக உயர்ந்துள்ளது. விலைவாசி உயர்வும் இதில் அடக்கம் என்றாலும், தொகை சரியவில்லை. தலைப்பை மட்டும் நம்பிக் கொள்முதலைக் குறைக்கும் மளிகைக்காரருக்குத்தான் நஷ்டம்.

தானியத்தில் கதை வேறு. அதன் பங்கு 10.7லிருந்து 4.9 சதவீதமாக இறங்கியது. “6 சதவீதம் குறைவு” என்று எழுதினால் சிறிய விஷயமாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் பங்கில் பாதிக்கு மேல், அதாவது 54 சதவீதம் போய்விட்டது. ரூபாயில் சுமார் 153 என்பது 185தான் ஆனது. பதினோரு ஆண்டு விலை உயர்வுக்குப் பின் இது ஏற்றமே அல்ல. ரேஷனில் இலவசமாகக் கிடைத்ததன் மதிப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எனவே ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது பழைய எண், புதிய எண் இரண்டையும் தேடுங்கள். இரண்டும் இல்லாத செய்தியை வைத்துச் சரக்கு வாங்க வேண்டாம். இருந்தால் முதலில் கழியுங்கள், பிறகு வகுத்துப் பாருங்கள். கடைசியாக, அது எதன் பங்கு என்று கேட்டு, முடிந்தால் ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள். நமக்குக் கல்லாவில் விழுவது ரூபாய்தான்.