புராஜெக்ட், புரோகிராம், போர்ட்ஃபோலியோ: அப்போலோவை வைத்து ஒரு விளக்கம்

புராஜெக்ட் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள வேலை. குறிப்பிட்ட ஒரு பொருளையோ சேவையையோ உருவாக்கிக் கொடுத்ததும் அதற்கென்று சேர்ந்த குழு கலைந்துவிடும். பல புராஜெக்ட்டுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்து, எல்லாவற்றையும் சேர்த்து நடத்தினால்தான் நினைத்த பலன் கிடைக்கும் என்றால் அந்தத் தொகுப்புக்குப் புரோகிராம் என்று பெயர். ஒரு நிறுவனம் தன் பணத்தையும் ஆட்களையும் எந்தெந்த வேலைகளில் போடுகிறது என்ற தேர்வு முழுவதும் சேர்ந்தது போர்ட்ஃபோலியோ. அதில் உள்ள வேலைகளுக்குள் தொடர்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்த வரையறைகளை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் பலரும் அவற்றை அளவின் வரிசையாகப் புரிந்துகொள்கிறார்கள்: சிறியது புராஜெக்ட், அதைவிடப் பெரியது புரோகிராம், எல்லாவற்றிலும் பெரியது போர்ட்ஃபோலியோ. இது சரியில்லை. பல நூறு கோடியில் கட்டப்படும் ஒரு பாலம் ஒரே புராஜெக்ட்டாக இருக்கலாம். கடைத்தெருவில் இரண்டு கடையும் ஒரு வேனும் வைத்திருப்பவரிடமும் போர்ட்ஃபோலியோ உண்டு. வேறுபாடு பொறுப்பில் இருப்பவர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. புராஜெக்ட் மேலாளர், கேட்ட பொருளைக் கேட்ட தரத்தில், சொன்ன நாளுக்குள், சொன்ன செலவுக்குள் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறார். அப்படிக் கொடுக்கப்பட்டவை எல்லாம் சேர்ந்து வேலை செய்யுமா என்பது புரோகிராம் மேலாளரின் கவலை. போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பவர், இந்த வேலையை நாம் செய்யத்தான் வேண்டுமா, அதே பணத்தை வேறொன்றில் போட்டால் என்ன என்று கேட்கிறார்.

மூன்று கேள்விகளும் தனித்தனியாகத் தெளிவாகத் தெரியும் இடம் அமெரிக்காவின் அப்போலோ. 1961 மே மாதம் அதிபர் கென்னடி நாடாளுமன்றத்தில் ஓர் இலக்கை முன்வைத்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாசாவிடம் அப்போது அதற்கான ராக்கெட்டும் இல்லை, நிலவில் இறங்கும் கலமும் இல்லை.

முதலில் புராஜெக்ட். நிலவில் இறங்குவதற்கான கலத்தைச் செய்யும் ஒப்பந்தம் 1962 நவம்பரில் கிரம்மன் என்ற விமான நிறுவனத்துக்குக் கிடைத்தது. இரண்டு பேரை நிலவின் சுற்றுப்பாதையிலிருந்து தரையில் இறக்கி மீண்டும் மேலே கொண்டுவரும் கலம் வேண்டும், அதன் எடை ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது என்பது கேட்கப்பட்ட பொருள். வடிவமைப்பு முன்னேற முன்னேற எடை கூடிக்கொண்டே போனது. பொறியாளர்கள் இருக்கைகளை எடுத்துவிட்டார்கள். விண்வெளி வீரர்கள் நின்றபடியே இறங்கினார்கள். நின்றால் முகம் கண்ணாடிக்கு அருகில் வந்துவிடும் என்பதால் பெரிய ஜன்னல்களும் சிறிய முக்கோண ஜன்னல்களாகிவிட்டன. கலத்தின் உலோகச் சுவர்களை வேதிப்பொருளால் அரித்து மெல்லியதாக்கினார்கள். எடையைக் குறைப்பதற்கென்றே 1965இல் ஒரு தனி முயற்சி நடந்தது. இத்தனைக்கும் பிறகு கலம் குறித்த நாளில் தயாராகவில்லை. எடை, நாள், செலவு மூன்றும் ஒன்றோடொன்று மோத, அவற்றுக்கு நடுவில் பொருளைச் செய்து முடிப்பதுதான் புராஜெக்ட் மேலாளரின் அன்றாடம்.

அந்தக் கலம் மட்டும் நிலவுக்குப் போய்விடாது. சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கை போயிங், இரண்டாவதை நார்த் அமெரிக்கன், மூன்றாவதை டக்ளஸ் நிறுவனங்கள் செய்தன. ராக்கெட்டை வழிநடத்தும் கருவித் தொகுதி ஐபிஎம்மிடம் இருந்தது. வீரர்கள் போய்வரும் கட்டளைக் கலம் நார்த் அமெரிக்கனின் பொறுப்பு. கலங்களின் வழிகாட்டும் கணினியை எம்ஐடி ஆய்வகம் வடிவமைத்தது. புளோரிடாவில் ஏவுதளமும், உலகின் பல இடங்களில் தொடர்பு நிலையங்களும் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் தனக்கென்று மேலாளரும் கால அட்டவணையும் உள்ள புராஜெக்ட். எல்லாம் சேர்ந்து அப்போலோ என்ற புரோகிராம். அமெரிக்க விமானப் படையில் மினிட்மேன் ஏவுகணை வேலையை நடத்திய சாமுவேல் ஃபிலிப்ஸ் 1964இல் அதன் இயக்குநரானார்.

புரோகிராம் இயக்குநரின் வேலை எத்தகையது என்பதை 1968ஆம் ஆண்டு நன்றாகக் காட்டுகிறது. அப்போலோ 8 பயணத்தில் நிலவுக் கலத்தைப் பூமியின் சுற்றுப்பாதையில் வைத்துச் சோதிப்பது என்பது முதலில் போட்ட திட்டம். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஏவுதளத்துக்கு வந்து சேர்ந்த கலத்தில் ஏராளமான குறைகள் இருந்தன. ஆண்டு முடிவதற்குள் அது பறக்காது என்று தெரிந்துவிட்டது. அந்த ஒரு புராஜெக்ட்டை மட்டும் பார்த்தால் ஒரே வழிதான்: கலம் தயாராகும்வரை காத்திருப்பது. புரோகிராமை முழுதாகப் பார்த்தவர்களுக்கு இன்னொரு வழி தெரிந்தது. ஆகஸ்டில் விண்கலப் பிரிவின் மேலாளர் ஜார்ஜ் லோ, நிலவுக் கலம் இல்லாமலே அப்போலோ 8ஐ நிலவைச் சுற்றிவர அனுப்பலாம் என்றார். கலம் தேவைப்படாத சோதனைகளை முன்னுக்கு இழுத்து, கலத்தின் சோதனையை அடுத்த பயணத்துக்குத் தள்ளிவிடலாம்.

கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த மாற்றம் கிட்டத்தட்ட எல்லாப் புராஜெக்ட்டுகளையும் தொட்டது. சாட்டர்ன் 5 அதுவரை இரண்டே முறைதான் பறந்திருந்தது, இரண்டிலும் ஆட்கள் இல்லை. இரண்டாவது முறை ராக்கெட் அதிர்ந்தது, இயந்திரங்கள் சில நடுவிலேயே நின்றும் போயின. அந்தக் கோளாறு தீர்ந்தாக வேண்டும். கட்டளைக் கலம் ஆட்களோடு பறக்கும் முதல் பயணமான அப்போலோ 7 அக்டோபரில் வெற்றி பெற வேண்டும். நிலவைச் சுற்றுவதற்கான கணினி நிரல் முன்கூட்டியே தயாராக வேண்டும். நிலவுக் கலத்தைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற குழு அடுத்த பயணத்துக்கு மாறியது; அடுத்த குழு முன்னால் வந்தது. எல்லாம் கூடிவந்து, டிசம்பர் 21 அன்று மூன்று பேர் நிலவை நோக்கிக் கிளம்பினார்கள். தாமதமான புராஜெக்ட் தாமதமாகவே இருந்தது. ஆனால் அதனால் புரோகிராம் தாமதமாகவில்லை. நிலவுக் கலம் 1969 மார்ச்சில் சோதிக்கப்பட்டது, அதே ஆண்டு ஜூலையில் நிலவில் இறங்கியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாப் புராஜெக்ட்டும் சரியாக முடிந்தும் அவற்றுக்கு நடுவில் ஓட்டை விழலாம். 1970 ஏப்ரலில் அப்போலோ 13இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, மூன்று வீரர்களும் நிலவுக் கலத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அவர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் வடிகட்டிகள் அந்தக் கலத்தில் போதவில்லை. கட்டளைக் கலத்தில் வேண்டிய அளவு இருந்தன. ஆனால் அவை சதுரமானவை, நிலவுக் கலத்தில் உள்ள துளையோ வட்டம். கிரம்மனின் வடிகட்டியும் சரிதான், நார்த் அமெரிக்கனின் வடிகட்டியும் சரிதான். தனித்தனிச் சோதனைகளில் இரண்டுமே தேறியவை. ஒன்றை மற்றதில் பொருத்த நேரும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டுநாடா ஆகியவற்றை வைத்து ஒட்டுப்போட்டுத்தான் உயிர் தப்பினார்கள். ஒரு புரோகிராம் நோயுற்றிருப்பதன் அடையாளம் பெரும்பாலும் இதுதான்: ஒவ்வொரு புராஜெக்ட்டின் அறிக்கையிலும் பச்சை விளக்கு எரியும், இணைப்பு இடத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பாளராக இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்வி நாசாவின் தலைமையிடமும் வெள்ளை மாளிகையிடமும் இருந்தது. 1962 நவம்பர் 21 அன்று நடந்த ஒரு கூட்டத்தின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. நிலவுப் பயணமே நாசாவின் தலையாய வேலை, மற்றவை காத்திருக்கலாம் என்பது கென்னடியின் பக்கம். நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப் அதை ஒத்துக்கொள்ளவில்லை. விண்வெளிச் சூழலைப் பற்றிய அறிவியல் ஆய்வும் செயற்கைக்கோள்களும் நின்றுபோனால் நாட்டின் விண்வெளி வல்லமையே வளராது, நிலவுப் பயணம் முதன்மையான வேலைகளில் ஒன்று மட்டுமே என்று வாதாடினார். அப்போலோவை எப்படி நடத்துவது என்பது அங்கே பேச்சே இல்லை. ஒரே பணப்பையிலிருந்து எதற்கு எவ்வளவு எடுப்பது என்பதே பேச்சு. இதுதான் போர்ட்ஃபோலியோ விவாதம்.

அதன் கடுமையான முகம் 1970இல் தெரிந்தது. அப்போலோ வெற்றி பெற்றுவிட்டது; மேலும் பல பயணங்கள் அட்டவணையில் இருந்தன. ஆனால் நாசாவின் நிதி 1966க்குப் பிறகு ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டிருந்தது. சாட்டர்ன் 5 உற்பத்தியும் நின்றுவிட்டதால், ஸ்கைலேப் என்ற விண்வெளி நிலையத்தை ஏவ அப்போலோவின் ராக்கெட் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக ஜனவரியில் அப்போலோ 20 கைவிடப்பட்டது. செப்டம்பரில் இன்னும் இரண்டு பயணங்கள் போயின. அறிவியலாளர்கள் எதிர்த்தார்கள். ராக்கெட்டுகள் செய்து முடிந்தவை, கலங்களும் பெரும்பாலும் தயார், பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்கிறார்கள், மிச்சம் ஆகும் பணம் சொற்பம் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனாலும் ஏற்கெனவே செலவான பணம் போர்ட்ஃபோலியோவில் கணக்கில் வராது. இனி ஆகும் செலவும் ஆபத்தும் எவ்வளவு, அதற்கு ஈடாக இனி கிடைப்பது என்ன, அந்தப் பணமும் ராக்கெட்டும் ஸ்கைலேபுக்கும் வரவிருந்த விண்வெளி ஓடத்துக்கும் போனால் என்ன கிடைக்கும் என்றே பார்க்க வேண்டும். முடிவு சரியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எந்த மட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவு என்பதில் ஐயமில்லை. நன்றாக நடக்கும் புரோகிராமைப் பாதியில் நிறுத்துவதும் போர்ட்ஃபோலியோ நிர்வாகத்தில் முறையான முடிவே.

இதே பகுப்பு சிறு தொழிலிலும் பொருந்தும். ஒரு பலகாரக் கடைக்காரர் தீபாவளிக்கு வெளியூர்களுக்கும் பலகாரம் அனுப்ப முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். புதிய சமையற்கூடம் கட்டுவது ஒரு புராஜெக்ட். பத்து நாள் கெடாத பொட்டலம் உருவாக்குவது இன்னொன்று. இணையத்தில் ஆர்டர் வாங்கும் ஏற்பாடு மூன்றாவது. கூடம் தயாராகிப் பொட்டலம் தயாராகவில்லை என்றால் மைசூர்பாகு ஊர் தாண்டாது. ஆகவே இவை மூன்றும் ஒரு புரோகிராம். அதே கடைக்காரர் இந்த ஆண்டு கல்யாணச் சமையல் ஒப்பந்தங்களில் இறங்கலாமா, பழைய கடையை விரிவாக்கலாமா, வெளியூர் வியாபாரத்தில் போடலாமா என்று கையிருப்பை வைத்துக்கொண்டு யோசிப்பது போர்ட்ஃபோலியோ. தினமும் காலையில் அடுப்பு மூட்டி லட்டு பிடிப்பது இந்த மூன்றில் எதுவும் அல்ல. முடிவுத் தேதி இல்லாத அந்த வழக்கமான வேலைக்கு நடைமுறைப் பணி என்று பெயர். ஆனால் அதுவும் ஆட்களையும் பணத்தையும் தின்பதால், போர்ட்ஃபோலியோவைக் கணக்கிடும்போது அதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சிறு நிறுவனங்களில் மூன்று கேள்விகளையும் ஒரே ஆள் கேட்க வேண்டியிருக்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. சமையற்கூடத்தைத் தானே நின்று கட்டியவர், அதைத் தொடர்வதா விடுவதா என்ற பேச்சு வரும்போது, தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது என்று பதில் சொல்வார். அது புராஜெக்ட் கேள்விக்கான பதில். கேட்கப்பட்டது வேறு கேள்வி. இதனால்தான் பெரிய நிறுவனங்களில் போர்ட்ஃபோலியோ முடிவை எடுக்கும் குழுவையும் புராஜெக்ட்டை நடத்துபவரையும் பிரித்து வைப்பது வழக்கம். புராஜெக்ட் மேலாளர் அங்கே நிலவரம் சொல்ல அழைக்கப்படுவார். முடிவை எடுப்பவர்கள் மற்றவர்கள்.